சீக்கிரம் முடிக்கும் பிள்ளைக்கு இன்னும் பத்துக் கணக்கு வேண்டாம்: சுற்றளவு, பரப்பளவுக்கு நான்கு செறிவூட்டல் அட்டைகள்

தண்டையார்பேட்டையில் ஒரு ஐந்தாம் வகுப்பு. கரும்பலகையில் பத்துக் கணக்குகள். பாதி வகுப்பு மூன்றாவது கணக்கில் இருக்கும்போதே ஒரு பிள்ளை பத்தையும் முடித்துவிட்டு நோட்டை நீட்டுகிறது. எல்லாம் சரி. ஆசிரியர் என்ன செய்வார்? பெரும்பாலும் இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பார், அல்லது "பக்கத்தில இருக்கிறவனுக்குச் சொல்லிக் கொடு" என்பார். இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளை ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளும்: சீக்கிரம் முடித்தால் வேலை கூடும். அதன் பிறகு அது மெதுவாக எழுதத் தொடங்கும். நாம் அதைச் சோம்பல் என்போம்.

அந்த இருபது நிமிடத்துக்கு ஒரு அட்டை வேண்டும். அதே பாடம், ஆனால் இன்னும் ஆழம். பாடம் எதுவாக இருந்தாலும் அட்டை செய்யும் வழி ஒன்றுதான். ஆனாலும் பொதுவாகச் சொன்னால் கையில் எதுவும் நிற்காது என்பதால், சுற்றளவும் பரப்பளவும் என்ற ஒரே பாடத்தை எடுத்து, நான்கு அட்டைகளை முழுதாகச் செய்து பார்ப்போம்.

அட்டை என்றதும் நம் ஊர் ஆசிரியர்களுக்குச் செயல்வழிக் கற்றல் அட்டைகள் நினைவுக்கு வரும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு தமிழகம் முழுவதும் போன முறை அது. அந்த அட்டைகள் ஏணிப்படிகள். ஒன்றை முடித்தால் அடுத்ததற்கு ஏறலாம். செறிவூட்டல் அட்டை அப்படியல்ல. பிள்ளை மேலே ஏறுவதில்லை, நின்ற இடத்திலேயே கீழே தோண்டுகிறது. அடுத்த ஆண்டுப் பாடத்தை இப்போதே நடத்திவிடுவதும் செறிவூட்டல் ஆகாது. அப்படி நடத்தினால் அடுத்த ஆண்டு அதே பிள்ளை மறுபடி சும்மா உட்கார்ந்திருக்கும்.

முதலில், யாருக்கு?

மதிப்பெண் பட்டியலைப் பார்த்து முதல் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மீத்திறன் மாணவர் என்றால் எல்லாப் பாடத்திலும் எப்போதும் மீத்திறன் என்று பொருளில்லை. தமிழில் திணறும் பிள்ளைக்கு வடிவங்கள் சட்டென்று பிடிபடலாம். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசிவிட்டு வரும் பிள்ளைகள் வடசென்னை வகுப்புகளில் நிறைய. வார்த்தைக் கணக்கில் அவர்கள் தடுமாறினால் அது கணக்கின் குறையாக இருக்க வேண்டியதில்லை.

எளிய வழி, அந்தப் பாடத்தின் கடினமான ஐந்து கணக்குகளை முதலிலேயே கொடுப்பது. அடிப்படை விளக்கம் முடிந்த அன்று, பயிற்சி தொடங்கும் முன், விரும்பும் எல்லோருக்கும் கொடுங்கள். ஐந்தில் நான்கு சரியென்றால் மற்றப் பயிற்சிகள் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். நேரம் பதினைந்து நிமிடம். இந்தப் பாடத்துக்கு இப்படி ஐந்து எடுக்கலாம்:

1. கேரம் போர்டில் ஆடும் பகுதி 74 செ.மீ பக்கமுள்ள சதுரம். சுற்றளவு என்ன, பரப்பளவு என்ன?
2. ஒரு செவ்வகத்தின் சுற்றளவு 50 மீ, நீளம் 16 மீ. பரப்பளவு என்ன?
3. 10 மீ நீளம், 8 மீ அகலமுள்ள கூடத்தின் ஒரு மூலையில் 4 மீ நீளம், 3 மீ அகலத்துக்கு அறை கட்டிவிட்டார்கள். மீதிக் கூடத்தின் பரப்பளவு?
4. மேசையின் நீளம் 1 மீ 20 செ.மீ, அகலம் 80 செ.மீ. சுற்றி ஒட்ட எவ்வளவு பட்டை வேண்டும்?
5. 12 அடி நீளம், 10 அடி அகலமுள்ள அறைக்கு 2 அடி பக்கமுள்ள சதுர டைல் எத்தனை வேண்டும்?

விடைகள்: 296 செ.மீ, 5476 சதுர செ.மீ, 144 சதுர மீ, 68 சதுர மீ, 4 மீ, 30 டைல். திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். 74 × 74 என்று எழுதிவிட்டுப் பெருக்கலில் தவறினால், அதைச் சரியாகவே எண்ணுங்கள். நாம் தேடுவது சுற்றளவையும் பரப்பளவையும் பிரித்தறியும் பிள்ளையை, பெருக்கலில் தவறாத பிள்ளையை அல்ல. ஐந்தாவதில் 120 என்றோ 60 என்றோ எழுதியிருந்தால் அது வேறு விஷயம். அந்தப் பிள்ளைக்கு டைல் என்பது பரப்பின் அளவுகோல் என்று இன்னும் பிடிபடவில்லை; பயிற்சி தேவை.

பாடத்தின் வேர் எது என்று கண்டுபிடிப்பது

அட்டை எழுத உட்காரும் முன் ஒரு கேள்வியை வகுப்பில் கேளுங்கள். "சுற்றளவு கூடினால் பரப்பளவும் கூடுமா?" நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகளும் பெரும்பாலும் கூடும் என்பார்கள். சூத்திரம் இரண்டும் தெரியும், ஆனால் இரண்டுக்கும் உள்ள உறவு தெரியாது. ஒன்று அப்படியே இருக்க மற்றது மாறலாம், ஒன்று கூட மற்றது குறையலாம் என்பதுதான் இந்தப் பாடத்தின் அடியில் கிடக்கும் விஷயம். நான்கு அட்டைகளும் அதை நோக்கியே போகின்றன.

எழுதிய அட்டை சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை போதும். புத்தகக் கணக்கில் எண்ணை மட்டும் மாற்றினால் இந்தக் கேள்வி வந்துவிடுமா? வந்துவிடும் என்றால் அது செறிவூட்டல் அல்ல. 12 மீ, 7 மீ என்பதை 1234 மீ, 567 மீ ஆக்கினால் பிள்ளைக்குக் கை வலிக்கும், அவ்வளவுதான். இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நேரம் போக்கச் சுடோகுவோ விடுகதையோ கொடுப்பார்கள். அது சுவையாக இருக்கலாம், ஆனால் சுற்றளவைப் பற்றிப் பிள்ளைக்கு ஒன்றும் புதிதாகத் தெரியாது.

பொருட்கள்

தென்னை ஈர்க்குச்சியை 5 செ.மீ நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு தொகுப்புக்குச் சரியாக 24. தீக்குச்சி வேண்டாம், மருந்தைச் சுரண்டி வாயில் வைப்பார்கள். நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். 5 செ.மீ என்று சொல்லிவிட்டு ஒன்று நாலரை, ஒன்று ஐந்தரை என்று நறுக்கினால் செவ்வகத்தின் மூலைகள் மூடாது, பிள்ளை அதை ஒட்டவைப்பதிலேயே நேரம் போகும். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றும், வண்ணப் பென்சிலும் போதும்.

அட்டைக்குத் தடித்த தாள். பாரிமுனைப் பக்கம் போனால் ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அட்டை வெட்டு மிச்சமாகக் கிடைக்கும். இல்லையென்றால் சட்டைப் பெட்டி அட்டையும் சரிதான். ஏ4 தாளில் பாதி அளவு. இரண்டு பக்கமும் அகலமான டேப் ஒட்டினால் கடலோர ஈரக்காற்றில் ஊறிப் போகாது. ஓர் அட்டையில் நாற்பது சொற்களுக்கு மேல் எழுதாதீர்கள். பிள்ளை யோசிக்க வேண்டியது கணக்கை, வாசிப்பை அல்ல.

விடையை அட்டையின் பின்பக்கம் எழுதவே கூடாது. பத்தாவது வினாடியில் திருப்பிப் பார்த்துவிடும். துப்பு ஒன்றைச் சிறு தாளில் எழுதி உறையில் போட்டு உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்க எழுந்து வர வேண்டும் என்பதே பாதித் துப்புகளைத் தேவையற்றதாக்கிவிடும்.

அட்டை 1: இருபத்து நான்கு குச்சி

அட்டையில் எழுத வேண்டியது:

> உன்னிடம் 24 குச்சி இருக்கிறது. எல்லாக் குச்சியையும் பயன்படுத்திச் செவ்வகம் செய். எத்தனை விதச் செவ்வகம் செய்யலாம்? எதற்குள் அதிகக் கட்டம் அடங்கும்? முதலில் ஊகித்து எழுது, பிறகு செய்து பார். உள்ளே இருக்கும் கட்டங்கள் எப்படிக் கூடுகின்றன? ஏன்?

இங்கே அளவு குச்சிதான். ஒரு குச்சி பக்கமுள்ள சதுரம் ஒரு கட்டம். செ.மீ-க்கு மாற்றச் சொல்லாதீர்கள்.

முதலில் நடக்கும் தவறு: நீளமும் அகலமும் சேர்த்து 24 என்று பிள்ளை கணக்குப் போடும், 12-க்கு 12 என்று எழுதும். நீங்கள் திருத்த வேண்டாம். அடுக்கிப் பார்க்கட்டும். இரண்டு பக்கத்தோடு குச்சி தீர்ந்துவிடும். "சுற்றி வரணும்ல" என்று அதுவாகவே சொல்லும். அதன் பிறகு நீளமும் அகலமும் சேர்த்து 12 என்று பிடித்துக்கொள்ளும்.

வர வேண்டிய பட்டியல் இது:

11 × 1 = 11
10 × 2 = 20
9 × 3 = 27
8 × 4 = 32
7 × 5 = 35
6 × 6 = 36

புத்திசாலிப் பிள்ளை நாலு நிமிடத்தில் "ஆறு ஆறுதான் பெரிசு" என்று சொல்லி அட்டையைத் திருப்பித் தந்துவிடும். பல ஆசிரியர்கள் இங்கே "சபாஷ்" சொல்லி அடுத்த அட்டையை நீட்டிவிடுவார்கள். அட்டை வீணாகும் இடம் இதுதான். விடை கிடைத்த இடத்தில்தான் இந்த அட்டையின் வேலை தொடங்குகிறது. கடைசி "ஏன்?" அதற்காகத்தான்.

பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். 11-லிருந்து 20, கூடியது 9. பிறகு 7, 5, 3, 1. ஒற்றைப்படை எண்கள் வரிசையாக இறங்குகின்றன. பெரும்பாலும் பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டு துள்ளுவார்கள். அங்கே நிற்காமல், ஏன் ஒற்றைப்படை என்று கேளுங்கள். இதற்குத் துப்புத் தேவைப்படும். உறையில் இருக்க வேண்டியது: "கட்ட நோட்டில் 7 × 5 வரை. அதை வெட்டி ஒட்டி 6 × 6 ஆக்க முடியுமா?"

பிள்ளை வரைந்து பார்க்கும். ஏழு கட்ட நீளம், ஐந்து கட்ட உயரம். ஓரத்தில் நிற்கும் ஒரு செங்குத்து வரிசையை வெட்டினால் ஐந்து கட்டம் கையில் வரும். மிச்சம் ஆறுக்கு ஐந்து. மேலே ஒரு படுக்கை வரிசை வைக்க ஆறு கட்டம் வேண்டும். கையில் ஐந்து, தேவை ஆறு. ஒன்று குறைகிறது, அதாவது 36 என்பது 35-ஐவிட ஒன்று அதிகம். 8 × 4-இலும் இதையே செய்தால் நாலு கட்டம் வெட்டப்படும், ஏழு கட்டம் வைக்க வேண்டும், மூன்று கூடும். 11 × 1-இல் ஒன்றை வெட்டிப் பத்தை வைக்கிறோம், ஒன்பது கூடும். சதுரத்தைத் தாண்டி 5 × 7 பக்கம் போனால் ஆறு வெட்டி ஐந்து வைக்கிறோம், இழப்புத் தொடங்குகிறது. சதுரம் ஏன் பெரியது என்பதற்கு இயற்கணிதம் எதுவும் இல்லாமல், பத்து வயதுப் பிள்ளை கத்தரிக்கோலும் கையுமாகச் சொல்லும் நிரூபணம் இது. ஒரு முழுப் பாடவேளை இதற்கே போனாலும் கவலைப்படாதீர்கள்.

அட்டை 2: கட்டத்தைக் குறை, சுற்றளவை விடாதே

> கட்ட நோட்டில் 6 × 6 சதுரம் வரை. சுற்றளவு 24. ஒவ்வொரு கட்டமாக அழி. சுற்றளவு 24 ஆகவே இருக்க வேண்டும். மீதிக் கட்டங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். குறைந்தது எத்தனைக் கட்டம் வரை போகலாம்?

முதல் அட்டையில் சுற்றளவு மாறாமல் பரப்பு 11-லிருந்து 36 வரை ஆறு நிலைகளில் நின்றது. இங்கே இடையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் வரும்.

மூலைக் கட்டத்தை அழித்தால் வெளியே தெரிந்த இரண்டு பக்கம் போகும், உள்ளே இருந்த இரண்டு பக்கம் வெளியே தெரியும். சுற்றளவு மாறாது. பிள்ளைகளுக்கு இது நம்ப முடியாத விஷயம். விரலை வைத்து எண்ணிப் பார்ப்பார்கள், மறுபடி எண்ணுவார்கள். ஓரத்தின் நடுவில் ஒரு கட்டத்தை அழித்தால் ஒன்று போய் மூன்று வரும். சுற்றளவு 26 ஆகிவிடும். கட்டம் குறைந்து சுற்றளவு கூடுகிறது. நீங்கள் ஆரம்பத்தில் வகுப்பில் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

நடுவில் ஓட்டை போட்டால்? உள்விளிம்பையும் எண்ணினால் நாலு கூடும், எண்ணாவிட்டால் மாறாது. இது பற்றிச் சண்டை வரும், வரட்டும். கிணற்றைச் சுற்றி வேலி போடுவது போல உள்விளிம்பும் விளிம்புதான் என்று நாம் வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு முடிவு சொல்லுங்கள். கணக்கில் சில விஷயங்கள் ஒப்பந்தம் என்பதும் இந்த வயதில் தெரிந்துகொள்ளத் தக்கதுதான்.

மூலை மூலையாகப் படிக்கட்டு வடிவில் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு நிமிர்ந்த வரிசையும் ஒரு படுத்த வரிசையும் மட்டும் மிஞ்சும். ஆறும் ஆறும், மூலைக் கட்டம் இரண்டுக்கும் பொது, மொத்தம் 11. முதல் அட்டையிலும் மிகக் குறைந்தது 11 தானே என்று பிள்ளை கேட்டால் அது தற்செயல் அல்ல. 11 × 1 என்ற நீண்ட பட்டையை நடுவில் மடக்கினால் இந்த வடிவம் கிடைக்கும்.

11-க்கும் கீழே வந்துவிட்டதாக ஒரு பிள்ளை சொன்னால், இரண்டு கட்டங்கள் முனையோடு முனை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் தவறு அதுதான்.

அட்டை 3: ஒரு பக்கம் சுவர்

> காசிமேட்டில் கருவாடு காயவைக்க ஓர் இடத்தை வளைக்க வேண்டும். ஒரு பக்கம் நீளமான சுவர். மற்ற மூன்று பக்கத்துக்கும் 24 மீ பழைய வலை இருக்கிறது. வளைக்கும் இடம் செவ்வகம். எப்படி வளைத்தால் அதிக இடம் கிடைக்கும்? முதலில் ஊகி.

இந்த அட்டையை மூன்றாவதாக வைப்பதற்குக் காரணம் உண்டு. முதல் அட்டை முடித்த பிள்ளை மனதில் ஒரு விதி எழுதிக்கொண்டிருக்கும்: சதுரம்தான் எப்போதும் பெரியது. உடனே 8 × 8 = 64 என்று எழுதும். எழுதட்டும். பட்டியல் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சுவருக்குச் செங்குத்தாக இரண்டு பக்கம், சுவருக்கு இணையாக ஒன்று.

4 மீ வைத்தால் மற்றது 16 மீ, பரப்பு 64.
5 மீ வைத்தால் 14 மீ, பரப்பு 70.
6 மீ வைத்தால் 12 மீ, பரப்பு 72.
7 மீ வைத்தால் 10 மீ, மறுபடி 70.
8 மீ வைத்தால் 8 மீ, பரப்பு 64.

சதுரம் தோற்றுவிட்டது. மீத்திறன் பிள்ளைகளுக்குத் தங்கள் விதி உடைவது அவ்வளவாகப் பிடிக்காது. சிலர் கணக்கு தப்பு என்பார்கள், சிலர் அட்டை ஏமாற்றுகிறது என்பார்கள். பல பாடங்களில் முதல் முயற்சியிலேயே சரியாகச் செய்து பழகியவர்கள் அவர்கள். அழுகிற பிள்ளையும் உண்டு. அப்போது "உன் விதி தப்பில்லை, எந்த இடத்துக்கு அது பொருந்தும் என்றுதான் எழுதவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். விதியை மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

துப்பு உறையில்: "சுவரை ஒரு கண்ணாடி என்று நினை." கண்ணாடியில் அதே இடம் மறுபக்கமும் தெரியும். இரண்டையும் சேர்த்தால் 48 மீ வலை நாலு பக்கமும் சுற்றியது போல இருக்கும். 48 மீட்டரில் பெரியது 12 × 12 சதுரம். சுவர் அதைப் பாதியாக வெட்டுகிறது, 12-க்கு 6. சதுரம் தோற்கவில்லை, பாதி ஒளிந்திருந்தது. இந்த இடத்தைப் பிள்ளை தானாக எட்ட வாய்ப்பு குறைவு, துப்புக் கொடுத்த பிறகும் ஐந்து நிமிடம் பிடிக்கலாம். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் இருப்பதுதான் கடினமான வேலை.

அட்டை 4: 16-உம் 16-உம்

> 4 மீ பக்கமுள்ள சதுரத்தின் சுற்றளவு 16, பரப்பளவும் 16. ஆகவே இரண்டும் சமம் என்கிறான் ஒருவன். இப்படி வரும் இன்னொரு செவ்வகம் கண்டுபிடி. பிறகு அதே சதுரத்தைச் செ.மீ-இல் அளந்து பார். அவன் சொன்னது சரியா?

இன்னொன்று 6 × 3. சுற்றளவு 18, பரப்பு 18. முழு எண் பக்கங்களில் இந்த இரண்டும் தவிர வேறு கிடையாது. தேடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிவிடலாம்.

கேள்வியின் எடை இரண்டாம் பாதியில். செ.மீ-இல் அளந்தால் சுற்றளவு 1600, பரப்பு 1,60,000. சதுரம் அதேதான், சமம் எங்கே போனது? மீட்டரும் சதுர மீட்டரும் வெவ்வேறு பொருட்கள், 16 ரூபாயும் 16 கிலோவும் சமம் என்று யாரும் சொல்வதில்லை. இதைப் பிள்ளை தன் வார்த்தையில் எழுதினால், விடையோடு "சதுர" சேர்க்க மறக்கும் பழக்கமும் கூடவே போய்விடும். இந்த அட்டை சின்னது, அரைப் பாடவேளை போதும்.

வகுப்பில் நடத்துவது

ஒரு பாடவேளைக்கு ஓர் அட்டை. இரண்டு பேராக உட்காரட்டும். தனியாக விட்டால் விடையோடு நிற்பார்கள், எதிரே ஒருவர் இருந்தால்தான் "ஏன்" என்று பேச்சு வரும். மூன்று பேர் என்றால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார். குச்சியைத் தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணி வாங்குங்கள். 23 குச்சியோடு முதல் அட்டையைச் செய்ய முடியாது.

செறிவூட்டல் அட்டை வழக்கமான கணக்குகளுக்குப் பதிலாக, அவற்றோடு கூடுதலாக அல்ல. பத்துக் கணக்கையும் முடித்துவிட்டு இதையும் செய் என்றால் முதல் பத்தியில் சொன்ன இடத்துக்கே திரும்பிவிட்டோம். வீட்டுப்பாடமாகவும் அனுப்ப வேண்டாம், வீட்டில் அண்ணனோ டியூஷன் அக்காவோ விடையைச் சொல்லிவிடுவார்கள். பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை அவ்வப்போது கொடுக்கலாம். தினமும் கொடுத்தால் நீங்கள் ஓர் ஆளைச் சம்பளமில்லாமல் வேலைக்கு வைத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

மற்றப் பிள்ளைகள் முகம் வாடுவது நிச்சயம். "அவங்களுக்கு மட்டும் குச்சி, எங்களுக்குக் கணக்கா?" என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. முதல் அட்டையின் முதல் பாதியை, அதாவது குச்சி அடுக்கிப் பட்டியல் போடுவதை, எல்லோருக்கும் ஒரு நாள் கொடுங்கள். அன்று யார் "ஏன்" பக்கம் போகிறார்கள் என்று பாருங்கள். ஐந்து கணக்கில் இரண்டு மட்டும் சரியாகச் செய்த ஒரு பிள்ளை அங்கே தலையெடுக்கக்கூடும். அப்படி ஒருவர் வந்தால் அடுத்த அட்டையைக் கூச்சமில்லாமல் கொடுத்துவிடுங்கள்.

மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் பாதுகாப்பான விடையைத் தேடுவார்கள், ஊகிக்க மாட்டார்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி, ஊகம், பட்டியல், "ஏன்" என்று நாலையும் எழுதினால் போதும். பாடவேளையின் கடைசி மூன்று நிமிடத்தில் நோட்டைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "25 குச்சி இருந்தால்?" என்பது முதல் அட்டைக்கு நல்ல கேள்வி. ஒற்றைப்படைக் குச்சியில் செவ்வகமே வராது, ஏனென்றால் எதிரெதிர்ப் பக்கங்கள் ஜோடி ஜோடியாக வருகின்றன. அதைப் பிள்ளை யோசித்துச் சொல்கிறதா, அடுக்கிப் பார்த்துத்தான் சொல்கிறதா என்பதிலிருந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும்.

ஆழம் போனதா என்று பார்க்க

நான்கு அட்டையும் முடிந்து இரண்டு வாரம் கழித்து, குச்சியும் கட்ட நோட்டும் இல்லாமல், பேச்சுவாக்கில் இதைக் கேளுங்கள். "கொருக்குப்பேட்டையில இரண்டு அறை வாடகைக்கு இருக்கு. ரெண்டும் செவ்வகம். ஒண்ணோட சுவரைச் சுற்றி அளந்தா 40 அடி, இன்னொண்ணு 44 அடி. எதுல அதிக இடம்?"

"44 அடி" என்று உடனே சொன்னால், பிள்ளை விடைகளை நினைவில் வைத்திருக்கிறது, உறவைப் பிடிக்கவில்லை. இரண்டாம் அட்டைக்குத் திரும்புங்கள், ஓரத்தின் நடுவில் ஒரு கட்டத்தை அழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். "40 அடி" என்று சொன்னால் எதிர்மாறாக ஒரு விதியை நெட்டுருப் போட்டிருக்கிறது. அதுவும் இரண்டாம் அட்டைதான். "சொல்ல முடியாது" என்றால் ஏன் என்று ஓர் உதாரணம் கேளுங்கள். 10-க்கு 10 அறையின் சுற்றளவு 40 அடி, இடம் 100 சதுர அடி. 18-க்கு 4 அறையின் சுற்றளவு 44 அடி, இடம் 72. இப்படி ஒரு ஜோடியைத் தானாகச் சொல்லிவிட்டு, "ஆனா 11-க்கு 11-ன்னா 121, அப்ப 44 அடிதான் பெரிசு, நீளம் அகலம் கேட்டுட்டு வாங்க சார்" என்று பிள்ளை உங்களையே அனுப்பிவைத்தால், அடுத்த பாடத்துக்கு அட்டை எழுத உட்காரலாம்.